எண்பது கிலோ என்று சொல்லிவிட்டு வந்த நேர்காணல்

கொரடாச்சேரியில் ஒரு நெல் கமிஷன் மண்டியில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதிய பிறகு, அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஓர் அரிசி ஆலையில் கொள்முதல் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். குறுவை அறுவடை உச்சத்தில் இருந்த செப்டம்பர் கடைசி வாரம் அது. நேர்காணல் முடிந்த அன்று மாலை நான் அனுப்பிய நன்றி மின்னஞ்சலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கெஞ்சல் இல்லாமல் நன்றி சொல்லி, படிப்பவருக்குப் பயன்படும் ஒரே ஒரு செய்தியை அதில் சேர்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பும் நான் நன்றி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அது எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் இது எங்கே வேறுபட்டது என்பது விளங்கும்.

முதல் மின்னஞ்சல் அதற்கு ஓராண்டுக்கு முன்பு தஞ்சாவூரில் ஒரு நிறுவனத்தின் கணக்காளர் பணிக்குப் போய்வந்த இரவு எழுதியது. அதன் நகல் இன்னும் என் கணக்கில் இருக்கிறது. "உயர்திரு அய்யா அவர்களுக்குப் பணிவான வணக்கம்" என்று தொடங்கி, "என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு" என்று நடுவில் நெகிழ்ந்து, "எந்தப் பணியைக் கொடுத்தாலும் மனநிறைவோடு செய்வேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று முடிகிறது. அனுப்பிய நேரம் இரவு 11.48. பதில் வரவில்லை, வராததில் அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதைப் படிப்பவருக்கு என்னைப் பற்றி நேர்காணலில் தெரியாத ஒரே ஒரு செய்திதான் கிடைத்திருக்கும்: எனக்கு வேறு வழி இல்லை என்பது.

இந்த நடை எங்கிருந்து வருகிறது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம், அதன் பிறகு சான்றிதழ் கேட்டு விண்ணப்பம், அதற்கும் பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு அப்பாவுக்காக எழுதிய மனு என்று, நம்மில் பலர் தமிழில் எழுதிப் பழகிய முறையான கடிதங்கள் எல்லாம் ஏதாவது ஒன்றைக் கேட்டு எழுதியவைதான். மனுவில் இல்லாமையைச் சொல்லத்தான் வேண்டும்; அதுதான் அதன் வேலை. நேர்காணலுக்குப் பின் எழுதும் நன்றியிலும் கை தானாக அந்தப் பழக்கத்துக்கே போய்விடுகிறது. "தாழ்மையுடன்", "கருணை கூர்ந்து", "ஆவன செய்யுமாறு" என்ற மூன்றும் என் முதல் மின்னஞ்சலில் இருந்தன. மரியாதைக்கு "வணக்கம்", "நீங்கள்", "நன்றி" ஆகியவை போதும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இப்போது ஆலைக்கு வருகிறேன். மேலாளர் அறுபதை நெருங்கியவர். என்னை மேசைக்கு முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்காமல், உலர்த்தி ஓடிக்கொண்டிருந்த கொட்டகைக்கும், லாரிகள் நின்ற களத்துக்கும் அழைத்துக்கொண்டு போய், நடந்துகொண்டே கேட்டார். குறுவை நெல் மழைக்காலத்தை ஒட்டி அறுவடைக்கு வருவதால் ஈரம் கூடுதலாகத்தான் வரும். அதை என்ன விலைக்கு எடுப்பது என்பதே அந்த வேலையின் மையம். ஒரு லாரியின் பக்கவாட்டில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, ஈரப்பத மீட்டரில் போட்டு, 22 என்று காட்டியதை என்னிடம் திருப்பினார்.

"இது ஒரு டன் இருக்குன்னு வச்சுக்கம்மா. 14-க்குக் காய வச்சா எவ்வளவு குறையும்?"

"22-ல 14 போனா 8 சார். 80 கிலோ குறையும். 920 நிக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீட்டரைக் கவிழ்த்து நெல்லைக் கொட்டிவிட்டு, மண்டியில் எத்தனை பேரேடு வைத்திருந்தோம் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முடிவை இரண்டு வாரத்தில் சொல்வதாகக் கூறி அனுப்பினார்.

திரும்பும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றது. அந்த கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துத் திருத்தி மறுபடியும் போடுவதற்கு நேரம் இருக்கும். ஒரு டன்னில் 22 சதவீதம் ஈரம் என்றால் 220 கிலோ தண்ணீர், 780 கிலோ நெல். காய வைக்கும்போது தண்ணீர்தான் போகிறது. அந்த 780 அப்படியே இருக்கிறது. காய்ந்த பிறகு ஈரம் 14 சதவீதம் என்றால், அந்த 780 கிலோ புதிய மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். 780-ஐ 0.86-ஆல் வகுத்தால் 907. குறைவது 93 கிலோ; நான் சொன்ன 80 இல்லை. சதவீதத்தை நேராகக் கழித்துவிட்டேன். காய்ந்த பிறகு அடிப்படை எடையே மாறிவிடுகிறது என்பதை விட்டுவிட்டேன். டன்னுக்கு 13 கிலோ என்பது பார்வைக்குச் சிறிதுதான். பத்து டன் லாரிக்கு 130 கிலோ. கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லாரிக்கு 2,600 ரூபாய் ஆலையின் கையிலிருந்து போகிறது. கொள்முதலுக்கு ஆள் எடுப்பவர் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது கேட் திறப்பதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது.

மின்னஞ்சலில் சேர்க்க வேண்டிய அந்த ஒரு செய்தி எது என்ற கேள்விக்கு அன்று எனக்கு விடை தானாகக் கிடைத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்து உடனே எழுத உட்காரவில்லை. என் தவற்றை நானே எடுத்துச் சொல்வதா என்று ஒரு மணி நேரம் தயங்கினேன். அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் நானே காட்டிக்கொடுத்தது போல ஆகாதா என்று தோன்றியது. கடைசியில் முடிவு செய்தது இந்தக் கணக்கில்தான்: பேரேட்டைப் பற்றியோ பழைய சம்பளத்தைப் பற்றியோ ஏதாவது தடுமாறியிருந்தால் அதைத் திரும்பத் தொட வேண்டியதில்லை, தொட்டால்தான் பெரிதாகும். இந்தத் தவறு வேலையின் நடுநரம்பில் விழுந்திருக்கிறது. அவர் கவனித்திருந்தால் திருத்தம் எனக்கு உதவும். கவனிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு அவருக்கு உதவும். இரண்டில் எதுவானாலும் எழுதலாம்.

முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. 18-லிருந்து 26 வரை ஒவ்வொரு ஈர அளவுக்கும் எவ்வளவு எடை நிற்கும் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தேன். சூத்திரம் எழுதியிருந்தேன். மண்டியில் ஈர நெல்லை எப்படிப் பிரித்து வைப்போம் என்று ஒரு பத்தி இருந்தது. ஆலையின் களத்தில் வண்டிகளை வேறு வரிசையில் நிறுத்தினால் நல்லது என்று ஆலோசனையும் இருந்தது. அந்தக் களத்தில் நான் நின்றது மொத்தம் இருபது நிமிடம். தங்கையிடம் வாசிக்கக் கொடுத்தேன். பாதி வரை வந்து நிமிர்ந்தாள்.

"நாலு தடவ மன்னிப்பு கேட்டிருக்கக்கா. இது வேலைக்கா, ஜாமீனுக்கா?"

எண்ணிப் பார்த்தேன், நான்குதான். கெஞ்சல் இந்த முறை வேறு வேடத்தில் வந்திருந்தது. குடும்பச் சூழ்நிலையைச் சொல்லவில்லை, ஆனால் அட்டவணையும் ஆலோசனையும் மன்னிப்பும் சேர்ந்து "என்னை எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இவ்வளவு இருக்கிறது" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. தேவைக்கு மேல் கொடுப்பதும் கேட்பதைப் போலத்தான் படிக்கப்படும். எனவே அட்டவணை போயிற்று. களத்தைப் பற்றிய ஆலோசனை போயிற்று. அந்த ஆலோசனை சரியாகவே இருந்தாலும், கேட்காமல் சொல்லும்போது அவர் இத்தனை ஆண்டு நடத்திய முறையில் குறை கண்டது போல ஆகிவிடும். மண்டியில் பிரித்து வைக்கும் முறையை நீக்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: அது பழைய இடத்தின் தொழில் முறை. அதை வெளியே சொல்லும் ஆள், நாளைக்கு இவர்களுடையதையும் வெளியே சொல்வாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மன்னிப்பு நான்கும் போய், "அது தவறு" என்ற இரண்டு சொல் மட்டும் நின்றது.

மாலை 6.20-க்கு அனுப்பியது இது. நேர்காணலுக்கு வரச் சொல்லி மேலாளர் அனுப்பியிருந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினேன். தலைப்பு அப்படியே இருக்கும், யார் எழுதுகிறார்கள் என்று அவர் தேட வேண்டியிருக்காது.

"வணக்கம் சார்.

இன்று காலை வேலை நெருக்கடிக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி, உலர்த்தியையும் களத்தையும் காட்டியதற்கு நன்றி. வண்டி வரிசையில் நிற்கும்போதே ஈரம் பார்த்து விலை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை நேரில் பார்த்ததால் இந்த வேலை எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

22 சதவீத ஈரத்தில் உள்ள ஒரு டன் நெல் 14-க்குக் காய்ந்தால் 80 கிலோ குறையும் என்று சொன்னேன். அது தவறு. ஈரம் போக உள்ள 780 கிலோ, காய்ந்தபின் மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்கும். ஆகவே நிற்பது ஏறத்தாழ 907 கிலோ, குறைவது 93 கிலோ. பத்து டன் லாரிக்கு என் கணக்கில் 130 கிலோ பிசகியிருக்கும்.

இப்படிக்கு" என்று எழுதி, அதன் கீழே என் பெயரும் கைபேசி எண்ணும்.

இதில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றை விடுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. முடிவு எப்போது தெரியும் என்று கேட்கவில்லை, இரண்டு வாரம் என்று அவரே சொல்லியிருந்தார். தன்விவரக் குறிப்பை மறுபடியும் இணைக்கவில்லை, அது அவர் மேசையில் இருந்தது. "நல்ல பதிலை எதிர்நோக்கி" என்ற முடிவு வரியை எழுதி, அழித்து, திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன். அது கெஞ்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கோடு முடிந்தால் அவர் மனத்தில் கடைசியாக நிற்பது 130 கிலோ. அந்த வரியோடு முடிந்தால் நிற்பது என் எதிர்பார்ப்பு. மாலை 6.20 என்பதும் யோசித்து வைத்த நேரம்தான். ஆலையில் அந்த நேரத்துக்கு வண்டி குறையும். பார்த்த முகமும் கேட்ட கேள்வியும் அன்றே என்றால் மறந்திருக்காது. இரவு எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கலாம். பாதி இரவில் வந்து நிற்கும் மின்னஞ்சல், உள்ளே என்ன எழுதியிருந்தாலும், எழுதியவர் தூங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடும்.

தவறு எதுவும் நேராத நேர்காணல் என்றால் அந்த ஒரு செய்தியை எங்கே தேடுவது என்று பிறகு என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் இப்போதெல்லாம் நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும், பேருந்தில் ஏறுவதற்கு முன்பே, கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதி வைக்கச் சொல்கிறேன். அவற்றில் நாம் பாதி பதில் சொன்ன கேள்வி ஒன்று கட்டாயம் இருக்கும். அல்லது அவர் இரண்டு முறை வேறு வேறு விதமாகக் கேட்ட கேள்வி ஒன்று இருக்கும். அவருக்கு எங்கே வலிக்கிறது என்பது அந்த இரண்டாவது வகையில்தான் தெரியும். செய்தி அங்கிருந்துதான் வர வேண்டும். இணையத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றித் தேடிக் கண்டுபிடித்த ஏதோ ஒன்றை நன்றியோடு ஒட்டினால், நேர்காணலில் நடந்த பேச்சுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான்: என்னை எடுக்காமல் வேறொருவரை எடுத்தாலும் இந்த வரி அவருக்குப் பயன்படுமா, அதை அவர் ஒரு நிமிடத்தில் தானே சரிபார்த்துக்கொள்ள முடியுமா? 907 இரண்டிலும் தேறியது. களத்து வரிசை ஆலோசனை இரண்டாவதில் தோற்றது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணி, பொதுத்துறை வங்கி போன்றவற்றின் நேர்காணல்களில் குழுவில் இருந்தவருக்குத் தனியாக எதுவும் எழுதக் கூடாது. எந்த வகையிலாவது செல்வாக்குத் தேட முயன்றால் தகுதியிழப்பு என்று அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள், நன்றியையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. தனியாரிடத்தில் எந்த மொழியில் எழுதுவது என்றால், அவர்கள் அழைப்பு எந்த மொழியில் வந்ததோ அதில்.

மறுநாள் காலை மேலாளரிடமிருந்து ஒரு வரி வந்தது. "கணக்கு சரி. கருக்காய், தூசி தனி."

அதைப் படித்ததும் இரண்டு செய்தி தெரிந்தது. ஒன்று, என் 93 கிலோ ஈரத்துக்கு மட்டும் உள்ள கணக்கு. உண்மையில் ஆலைக்குக் குறைவது அதைவிடக் கூடுதல், ஏனெனில் சுத்தம் செய்யும்போது அரிசி பிடிக்காத கருக்காயும் தூசியும் வேறு போகின்றன. நான்கு ஆண்டு மண்டியில் இருந்தவளுக்கு இது தெரியும், ஆனால் எழுதும்போது நினைவில் வரவில்லை. இரண்டாவது, உரையாடல் திறந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் மறுபடியும் சறுக்கப் பார்த்தேன். கருக்காய்க்கு மண்டியில் எப்படிக் கழிப்போம் என்று நான்கு வரி எழுதிவிட்டேன். தங்கை கல்லூரிக்குப் போயிருந்ததால் கேட்க ஆள் இல்லை. மத்தியானம் வரை வைத்திருந்து, அழித்துவிட்டு, "புரிந்தது சார், நன்றி" என்று அனுப்பினேன். அவர் ஒரு வரி எழுதியிருக்கும்போது நாம் எழுத வேண்டியதும் அதற்கு மேல் இல்லை.

இரண்டு வாரம் போயிற்று, ஒன்றும் வரவில்லை. அவர் சொன்ன கெடு கடந்து இரண்டாம் நாள், பணிக்கு ஆள் முடிவாகிவிட்டதா என்று ஒரே ஒரு வரி கேட்டு எழுதினேன். மழை தொடங்கி லாரிகள் தேங்கிவிட்டன, அடுத்த வாரம் வாருங்கள் என்று பதில் வந்தது. போனேன். அவர் மேசையில் ஒரு தாளைத் தள்ளி, 24-லிருந்து 14-க்கு என்றார். 760-ஐ 0.86-ஆல் வகுத்து, 884 நிற்கும், 116 குறையும் என்று எழுதிக் கொடுத்தேன். "கருக்காய், தூசி தனி" என்று கீழே சேர்த்ததும் சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்தது. மின்னஞ்சலால் கிடைத்தது என்று நானாகவே நம்பிக்கொண்டு ஓர் ஆண்டு ஓட்டினேன். அடுத்த குறுவையின்போது ஒரு நாள் தேநீர் குடிக்கும் நேரத்தில் அவரிடமே கேட்டேன்.

"80-ன்னு சொன்னது ரெண்டு பேரு. திருத்தி எழுதுனது நீ மட்டும்தான்" என்றார். பிறகு, "அதுக்காக எடுக்கலம்மா. நீ மண்டியில இருந்தவ, அதுக்குத்தான் எடுத்தேன். இன்னொரு பையனும் மண்டியில இருந்தவன்தான். ரெண்டு பேர்ல யாருன்னு வந்தப்ப அது ஞாபகத்துக்கு வந்துச்சு, அவ்வளவுதான்."

சென்ற குறுவைக்கு முன் களத்துக்கு ஓர் உதவியாளரை எடுத்தபோது நானும் மேலாளருடன் உட்கார்ந்தேன். வந்தவர்களில் ஓர் இளைஞர் அன்றிரவே நன்றி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மேலாளர் மூன்று வரி படித்துவிட்டுக் கைபேசியை என்னிடம் தந்துவிட்டார். உலர்த்தியை மாற்ற வேண்டும், உமி அடுப்பைத் திருத்த வேண்டும், எடைமேடையை இடம் மாற்ற வேண்டும் என்று நீண்டுகொண்டே போனது. நான் என் பழைய வரைவை நினைத்துக்கொண்டு கடைசி வரை படித்தேன். பதினோராவது வரியில், தங்கள் ஊரில் அறுவடை இயந்திரம் காலையில் பனி காய்வதற்கு முன்பே வயலில் இறங்கிவிடுவதால் அந்த நெல் கூடுதல் ஈரத்தோடு வருகிறது என்றும், எந்த நேரத்தில் அறுத்தது என்று வண்டிக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டால் மீட்டர் போடும்போது எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியும் என்றும் எழுதியிருந்தார். நேர்காணலில் மேலாளர் அவரிடம் இரண்டு முறை கேட்டது அதைத்தான்.

அந்த வரியை மட்டும் உரக்கப் படித்துக் காட்டினேன். மேலாளர் கைபேசியைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடியும் படித்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார்.